பழைய ஆசிரியருக்கு ஒரு குரல் செய்தி: வணக்கத்திலிருந்து "அந்தப் பையன்தான் பேசுகிறேன்" வரை

என் ஏழாம் வகுப்புக் கணக்கு ஆசிரியரின் எண் ஒரு நண்பன் மூலம் கிடைத்தது. கிடைத்த வேகத்தில் வாட்ஸ்அப்பைத் திறந்து, மைக் படத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு பேசித் தள்ளினேன். நான்கு நிமிடம் பத்து நொடி. மறுநாள் காலையில் பதில் வந்தது, எழுத்தில், இரண்டே சொல்: "நீங்கள் யார்?"

என் பதிவை நானே திரும்பக் கேட்டேன். என் பெயர் முதன்முறையாக வந்தது ஒரு நிமிடம் ஐம்பதாவது நொடியில். எந்த ஆண்டு, எந்த வகுப்பு என்பது கடைசிவரை வரவே இல்லை. அதற்குப் பதிலாக "நினைவிருக்கிறதா சார்?" என்று நான்கு முறை கேட்டிருந்தேன். என்ன நினைவிருக்க வேண்டும் என்பதை ஒருமுறைகூடச் சொல்லவில்லை. முன்பின் தெரியாத நடுவயதுக்காரர் ஒருவர் தொண்டை கம்மப் பேசுவதை அந்த மனிதர் நான்கு நிமிடம் பொறுமையாகக் கேட்டிருக்கிறார்.

பிறகு இரண்டாவதாக ஒன்று அனுப்பினேன். அதற்கு ஒரு முழு மாலை பிடித்தது. அந்த மாலையில் கற்றுக்கொண்டதைத்தான் வரிசையாகச் சொல்லப் போகிறேன். பெரும்பகுதி முதல் முக்கால் நிமிடத்தைப் பற்றியதாகவே இருக்கும். அது சரியாக அமைந்தால் மீதி தானாக வந்துவிடும்.

அவர் காதில் என்ன விழுகிறது?

நம் குரலைக் கேட்டதும் அவருக்கு நம்மைத் தெரிந்துவிடும் என்று உள்ளூர ஓர் எண்ணம் இருக்கிறது. தெரியாது. அவர் கேட்டுப் பழகியது பன்னிரண்டு வயதுக் குரலை. பருவ வயதில் ஆணின் குரல் ஏறத்தாழ ஒரு ஸ்தாயி கீழே இறங்கிவிடுகிறது. பெண்ணின் குரலில் மாற்றம் குறைவு என்றாலும் அதுவும் இறங்கத்தான் செய்கிறது. ஆகவே உங்கள் குரல் உங்களுக்குச் சாட்சி சொல்லாது. நேரில் போயிருந்தால் முகச் சாடையாவது உதவியிருக்கும். குரல் செய்தியில் அதுவும் இல்லை.

அடுத்தது எண்ணிக்கை. ஆண்டுக்கு ஐந்து வகுப்புகள், வகுப்புக்கு நாற்பது பேர், முப்பது ஆண்டுப் பணி என்று வைத்தால் ஆறாயிரம் பிள்ளைகள். அதில் ஒரே பெயர் எத்தனை முறை வந்திருக்கும்! வெறும் பெயரைச் சொல்லிவிட்டு "நினைவிருக்கிறதா?" என்று கேட்பது, ஆறாயிரம் பக்கப் புத்தகத்தைக் கையில் கொடுத்துப் பக்க எண்ணைச் சொல்லாமல் இருப்பதற்குச் சமம்.

ஆனால் மனித நினைவுக்கு ஒரு சலுகை உண்டு. ஒன்றை வெறுமையிலிருந்து தேடி எடுப்பது கடினம். எதிரே வைத்துக் காட்டியதை "ஆமாம், இதுதான்" என்று அடையாளம் காண்பது எளிது. எனவே உங்கள் வேலை கேள்வி கேட்பது அல்ல, காட்சியை எடுத்து வைப்பது. "நினைவிருக்கிறதா?" என்ற சொல்லைப் பதிவிலிருந்து முழுவதுமாக எடுத்துவிடுங்கள். அந்தக் கேள்வி அவரைத் தேர்வு எழுத உட்கார வைக்கிறது. நினைவு வராவிட்டால் குற்ற உணர்வு அவருக்குத்தான்.

எந்த நிகழ்ச்சியைச் சொல்வது?

உண்மையான உழைப்பு இங்கேதான். உட்கார்ந்து யோசித்தால் நமக்கு முதலில் வருவதெல்லாம் நம் பக்கத்து நினைவுகள்: அவரைக் கண்டு எவ்வளவு பயந்தோம், அவர் பாராட்டியபோது எவ்வளவு பூரித்தோம், வீட்டுக்குப் போய் என்ன சொன்னோம். இவை எதுவும் அவருக்குத் தெரியாது. நம் நெஞ்சுக்குள் நடந்ததை அவர் பார்த்ததில்லை.

அதனால் இடத்தை மாற்றிக்கொள்ளுங்கள். கற்பனையில் அவர் மேசைக்குப் பின்னால் போய் நின்று வகுப்பைப் பாருங்கள். அங்கிருந்து பார்த்தால் நீங்கள் எங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள்? எந்தத் தொல்லைக்காக உங்களைக் கூப்பிடுகிறார்? உங்கள் நோட்டைத் திறந்ததும் அவர் கண்ணில் படுவது எது? கையெழுத்தா, மைக்கறையா, கடைசிப் பக்கத்துப் படங்களா? அவர் பார்த்த "நீங்கள்" யார் என்று கண்டுபிடித்து அந்த ஆளை அழைத்து வாருங்கள்.

நான் ஒரு தாளில் ஏழெட்டு நிகழ்ச்சிகளை எழுதி, ஒவ்வொன்றையும் மூன்று விதமாகச் சோதித்தேன். இது எனக்கு மட்டுமே பொருந்துமா? "வீட்டுப்பாடம் செய்யாமல் வெளியே நின்றவன்" என்றால் அரை வகுப்பே எழுந்து நிற்கும். அடுத்து, இதில் அவர் ஏதாவது செய்தாரா, சொன்னாரா? தான் பங்கேற்ற காட்சி தான் பார்த்த காட்சியைவிட நன்றாகத் தங்கும். கடைசியாக, இதைக் கேட்டால் அவருக்குச் சங்கடம் வருமா?

மூன்றாவதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். "நீங்கள் அடித்த அடி இன்னும் வலிக்கிறது சார்" என்று சிரித்துக்கொண்டே சொல்வது நமக்குச் செல்லமான நினைவாக இருக்கலாம். ஓய்வுபெற்று வீட்டில் தனியாக உட்கார்ந்திருப்பவருக்கு அது எப்படிப் போய்ச் சேரும் என்று சொல்ல முடியாது. நிஜமாகவே மனத்தாங்கல் இருந்தால் அதைப் பேசலாம், தவறில்லை. ஆனால் பதில் சொல்ல வாய்ப்பில்லாத ஒருவழிப் பதிவில், அதுவும் முதல் பதிவிலேயே வேண்டாம்.

தன்னைத் தாழ்த்திக்கொள்வதும் வேண்டாம். "நான்தான் சார் அந்த மக்குப் பையன்" என்றால், "அப்படியெல்லாம் சொல்லாதே" என்று மறுக்க வேண்டிய கடமை அவர் தலையில் விழுகிறது. மக்கு என்பது ஒரு தீர்ப்பு, அதில் காட்சி எதுவும் இல்லை. பதினாறாம் வாய்ப்பாட்டில் எப்போதும் ஏழாவது வரியில் நின்றுவிடுவேன் என்பது காட்சி.

என் பட்டியலில் மிஞ்சியது ஒன்றுதான். நான் எழுதும் 7 எப்போதும் 1 போலவே இருக்கும். அதனால் மதிப்பெண் போனது, அவர் அதற்கு ஒரு வழி சொன்னார். இவ்வளவுதான் விஷயம்.

துண்டுச் சீட்டு

முழு உரையையும் எழுதி வைத்துக்கொண்டு படிக்காதீர்கள். தமிழில் இந்த ஆபத்து மற்ற மொழிகளைவிட அதிகம் என்று நினைக்கிறேன். நாம் எழுதும் தமிழ் வேறு, பேசும் தமிழ் வேறு. எழுதியதை அப்படியே வாசித்தால் செய்தி அறிக்கைபோல ஒலிக்கும், அல்லது பேச்சுப் போட்டிபோல. நான் முதலில் அப்படித்தான் வாசித்துப் பார்த்தேன். பக்கத்து அறையிலிருந்து மகள் எட்டிப் பார்த்து, யாருக்கு இரங்கல் செய்தி என்று கேட்டாள்.

கைப்பேசி அளவுத் தாளில் ஏழெட்டுச் சொற்கள் போதும். என் சீட்டில் இருந்தவை: *குமார் – 94, ஏழு ஆ – குட்டை – சன்னல் – 7, கயிறு – இப்போது – நன்றி*. (என் பெயர் குமார் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.) ஒவ்வொரு சொல்லுக்கும் ஒன்றிரண்டு வாக்கியம், வாய்க்கு வருகிறபடி.

வணக்கம் சொல்லும் விதம்

முதல் சொல் அவரை அன்று எப்படி அழைத்தீர்களோ அதுவாகவே இருக்கட்டும். சார் என்றால் சார், ஐயா என்றால் ஐயா, டீச்சர் என்றால் டீச்சர், மிஸ் என்றால் மிஸ். வயதாகிவிட்டதே என்று "சார்" என்று அழைத்தவரைத் திடீரென "ஐயா அவர்களே" என்று உயர்த்தினால் மரியாதை கூடுவதில்லை, தூரம்தான் கூடுகிறது. ஆறாயிரம் பேரில் நீங்கள் எந்தப் பள்ளி, எந்தக் காலம் என்பதற்கு அந்த அழைப்பே முதல் தடயம்.

"சார், வணக்கம்." இதைச் சொல்லிவிட்டு ஒரு மூச்சு நிறுத்துங்கள். கேட்பவர் கைப்பேசியைக் காதுக்குக் கொண்டுபோக, ஒலியைக் கூட்ட, பக்கத்தில் ஓடும் தொலைக்காட்சியைக் குறைக்க அந்த இடைவெளி வேண்டும். காலை வணக்கம், மாலை வணக்கம் எல்லாம் வேண்டாம். நீங்கள் பேசும் பொழுதும் அவர் கேட்கும் பொழுதும் ஒன்றாக இருக்காது.

நேர்ப்பேச்சில் "நன்றாக இருக்கிறீர்களா? உடம்பு எப்படி? வீட்டில் எல்லாரும் நலமா?" என்று அடுக்குவது இயல்பு. நடுநடுவே பதில் வந்துகொண்டிருக்கும். குரல் செய்தியில் பதில் வராது. கேள்விகள் வரிசையாக விழுந்து, ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு சின்ன மௌனம் தொங்கும். அதோடு, வீட்டாரைப் பற்றிய கேள்வி ஒரு பொறி. இருபது முப்பது ஆண்டுகளில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்பது நமக்குத் தெரியாது. "அம்மா எப்படி இருக்கிறார்கள் சார்?" என்ற கேள்வி, போன மாதம் மனைவியை இழந்தவரிடம் போய்ச் சேரலாம். நலம் விசாரிப்பைக் கடைசிக்குத் தள்ளி, கேள்வியாக இல்லாமல் விருப்பமாகச் சொல்லிவிடுங்கள். யார் பேசுகிறார் என்று தெரிந்த பிறகுதான் நல விசாரிப்புக்கும் மதிப்பு.

பெயர், ஆண்டு, வகுப்பு, இடம்

வணக்கத்துக்கு அடுத்த வாக்கியமே பெயர். வருகைப் பதிவேட்டில் இருந்த பெயரைச் சொல்லுங்கள். திருமணத்துக்குப் பின் பெயரின் பின்பகுதி மாறியிருந்தாலும், வேலைக்காகச் சுருக்கியிருந்தாலும் பழைய பெயரே இங்கே செல்லுபடியாகும். வகுப்பில் ஒரு பட்டப்பெயர் இருந்து, அது அவர் காதுக்கும் எட்டியிருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெயரைவிடப் பட்டப்பெயர் ஆளைச் சீக்கிரம் பிடித்துக் கொடுக்கும்.

பிறகு ஆண்டு, வகுப்பு, பிரிவு, அவர் எடுத்த பாடம். பிறகு உட்கார்ந்த இடம். இடத்தைச் சொல்ல மறந்துவிடாதீர்கள். ஆசிரியர்கள் வகுப்பை வரைபடம்போலப் பார்த்துப் பழகியவர்கள். சன்னலோரம், கதவுக்குப் பக்கம், கடைசி வரிசை என்றால் அவர் கண் அந்தத் திசைக்குத் திரும்பிவிடும்.

இந்தப் பகுதியை மட்டும் உங்கள் வழக்கமான வேகத்தில் பாதியாகப் பேசுங்கள். சத்தமாகப் பேசுவது உதவாது. வயதாகும்போது பெரும்பாலோருக்கு முதலில் மங்குவது உயர்ந்த சுருதியில் உள்ள ஒலிகள். உயிரொலிகள் கேட்டுக்கொண்டிருக்கும், ச, ஸ, த, ப போன்றவை நழுவும். "சத்தம் கேட்கிறது, என்ன சொல்கிறார் என்று புரியவில்லை" என்று பெரியவர்கள் சொல்வது இதனால்தான். சொற்களுக்கு நடுவே இடைவெளி விடுங்கள். பெயரை முடிவில் இன்னொரு முறை சொல்லுங்கள்.

நான் அனுப்பியது

இங்கே எழுத்து நடையில் தருகிறேன். வாயால் சொன்னது என் பேச்சுத் தமிழில்தான்.

> சார், வணக்கம்.
>
> என் பெயர் குமார். 1994-ஆம் ஆண்டு, ஏழாம் வகுப்பு ஆ பிரிவுக்கு நீங்கள் கணக்கு எடுத்தீர்கள். அந்த வகுப்பில் இரண்டு குமார் இருந்தோம். நான் குட்டைக் குமார். சன்னல் பக்கம், இரண்டாம் வரிசை, ஓரத்து இடம்.
>
> நான் எழுதும் 7 எல்லாம் 1 போலவே இருக்கும் சார். ஒரு தேர்வில் அதனாலேயே நான்கு கணக்கு தப்பாகப் போனது. விடைத்தாளைத் தூக்கிக்கொண்டு உங்கள் மேசைக்கு வந்தேன். நீங்கள் சிவப்புப் பேனாவால் என் 7-இன் நடுவில் குறுக்கே ஒரு சின்னக் கோடு போட்டு, "இனிமேல் இடுப்பில் கயிறு கட்டிவிடு, ஓடிப்போகாது" என்றீர்கள். அந்தப் பையன்தான் பேசுகிறேன்.
>
> இப்போது எனக்கு 43 வயது. கணக்கு எழுதும் வேலைதான். இன்றைக்கும் 7-க்குக் கயிறு கட்டித்தான் எழுதுகிறேன். அலுவலகத்தில் புதிதாக வருபவர்கள் ஏன் என்று கேட்டால் உங்களைப் பற்றிச் சொல்வேன். அதை உங்களிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. வேறு காரியம் எதுவும் இல்லை சார். பதில் அனுப்பியே ஆக வேண்டும் என்றும் இல்லை. நீங்கள் நலமாக இருக்க வேண்டும். குட்டைக் குமார், ஏழாம் வகுப்பு ஆ பிரிவு. வணக்கம்.

மொத்தம் ஒரு நிமிடம் இருபது நொடி. "அந்தப் பையன்தான் பேசுகிறேன்" என்ற இடம் நாற்பத்தெட்டாவது நொடியில் வருகிறது. அதுவரை நான் இன்று யார் என்பதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. பதவியையோ சம்பளத்தையோ முன்னால் வைத்திருந்தால், அவர் தேடிக்கொண்டிருந்த பையன் அந்த ஆளுக்குப் பின்னால் மறைந்திருப்பான். பழைய ஆள் வந்து உட்கார்ந்த பிறகு இன்றைய ஆளை நாலு வாக்கியத்தில் காட்டினால் போதும். அந்த நாலு வாக்கியமும் அவர் சொல்லிக்கொடுத்ததோடு தொட்டுக்கொண்டிருந்தால் இன்னும் நல்லது.

"வேறு காரியம் எதுவும் இல்லை" என்பதை வேண்டுமென்றே சேர்த்தேன். பல ஆண்டு கழித்து வரும் அன்புக்குப் பின்னால் ஒரு பரிந்துரைக் கடிதமோ திருமண அழைப்போ, வேறு ஏதாவது உதவியோ வருமோ என்று யாருக்கும் தோன்றும். உங்களுக்கு நிஜமாகவே ஒரு காரியம் இருந்தால் அந்த வாக்கியத்தைச் சொல்லாதீர்கள். காரியத்தைத் தனியாக, இன்னொரு நாள் கேளுங்கள்.

பதிவு செய்வது

மைக் படத்தை அழுத்திப் பிடித்து மேல்நோக்கித் தள்ளினால் பூட்டிக்கொள்ளும், விரலை எடுத்துவிடலாம். விரலைப் பிடித்துக்கொண்டே பேசினால் கவனம் விரலில் இருக்கும். அதைவிட மோசம், தவறி விரல் விலகினால் பாதிப் பதிவு போய்ச் சேர்ந்துவிடும். பூட்டிய பிறகு இடையில் நிறுத்தித் தொடரவும், அனுப்புமுன் கேட்டுப் பார்க்கவும் முடியும். கேட்டுப் பார்க்காமல் அனுப்பாதீர்கள்.

கைப்பேசியின் அடிவிளிம்பில்தான் மைக் இருக்கிறது. வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, சற்றே பக்கவாட்டில் பிடித்தால் "ப" வரும்போது காற்று மோதும் ஒலி விழாது. மின்விசிறியை நிறுத்துங்கள். ஓடும் வண்டியில் பேசாதீர்கள். துணியும் மெத்தையும் உள்ள அறையில் எதிரொலி குறையும். கேட்டுப் பார்க்கும்போது இயர்போனில் கேட்காமல், கைப்பேசியை மேசைமேல் வைத்து இரண்டடி தள்ளி நின்று கேளுங்கள். அவர் பெரும்பாலும் அப்படித்தான் கேட்கப் போகிறார், வீட்டில் வேறு யாராவது போட்டுக் காட்டுவார்கள். எல்லார் முன்னிலையிலும் ஒலிக்கக் கூடாத எதையும் சொல்லாமல் இருப்பதற்கும் இதுவே காரணம்.

மூன்று முறைக்குமேல் திரும்பப் பேசாதீர்கள். நான்காவது முறை எல்லாம் வழுக்கிக்கொண்டு போகும், குரலில் ஆள் இருக்க மாட்டார். நடுவில் ஒரு திக்கல், ஒரு சிரிப்பு இருந்தால் இருக்கட்டும். பெயரோ ஆண்டோ தெளிவாக விழவில்லை என்றால் மட்டும் திரும்பச் செய்யுங்கள்.

அனுப்பும்போது

தெரியாத எண்ணிலிருந்து வரும் குரல் பதிவை இன்று பலர் திறப்பதே இல்லை. ஏமாற்றுக்காரர்களை நினைத்தால் அது சரியான எச்சரிக்கைதான். அதனால் முதலில் எழுத்தில் ஒரு வரி: "வணக்கம் சார். 1994, ஏழாம் வகுப்பு ஆ பிரிவு, குமார். ஒரு சிறு குரல் செய்தி அனுப்புகிறேன்." அதற்குப் பின் பதிவு. எழுத்து வரி இருந்தால், காது சரியாகக் கேட்காதவர்கூடப் பெயரைப் பார்த்துக்கொள்ளலாம். உங்கள் முகப்புப் படத்தில் பூவோ குழந்தையோ இருந்தால் சில நாளுக்கு உங்கள் முகத்தை வையுங்கள். அந்தப் படம் தொடர்பில் உள்ளவர்களுக்கு மட்டும் தெரியும்படி இருந்தால், அவர் எண்ணை நீங்கள் சேமித்திருந்தால்தான் அவருக்குத் தெரியும். சேமிக்காவிட்டால் அமைப்பில் அதையும் மாற்ற வேண்டும்.

செய்திகள் தானாக மறையும் வசதியை நீங்கள் பொதுவாக இயக்கி வைத்திருந்தால், இந்த உரையாடலில் அதை நிறுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் 24 மணி நேரத்திலோ 7 நாளிலோ 90 நாளிலோ உங்கள் குரல் அவர் கைப்பேசியிலிருந்து காணாமல் போய்விடும். அவர் அதைப் பேரனுக்குப் போட்டுக்காட்ட நினைக்கலாம்.

அவர் கேட்டுவிட்டால் பதிவின் பக்கத்தில் உள்ள மைக் நீல நிறமாகும். வாசித்ததைக் காட்டும் நீலக் குறியை அவர் நிறுத்தி வைத்திருந்தாலும் குரல் செய்திக்கு இது தெரியும். நீலமாகிவிட்டதே, ஏன் பதில் இல்லை என்று மறுநாளே இன்னொன்று அனுப்பத் தோன்றும். பொறுங்கள். சிலர் நான்கு முறை கேட்டுவிட்டு, என்ன சொல்வது என்று ஒரு வாரம் யோசிப்பார்கள்.

வரும் பதில்கள்

வீட்டார் எடுத்து, அவருக்கு நினைவு முன்புபோல் இல்லை என்று சொன்னால், ஆண்டையும் பிரிவையும் விட்டுவிட்டு இன்னும் சிறிதாக ஒன்று அனுப்புங்கள். வணக்கம், அவர் செய்த அந்த ஒரு செயல், நன்றி. யாரென்று தெரியாமலே கேட்டு மகிழட்டும். அவர் இல்லை என்ற பதில் வந்தால், அதே பதிவைக் குடும்பத்தார் வைத்துக்கொள்ளலாமா என்று கேளுங்கள், அழித்துவிடாதீர்கள்.

எனக்கு வந்தது பதினொரு நொடிப் பதிவு. முதல் மூன்று நொடி நாற்காலி நகரும் சத்தம். பிறகு அதே குரல், கொஞ்சம் காய்ந்து போய்: "குமாரா! சன்னல் வழியாகச் சாக்பீஸ் எறிந்து என்னிடம் மாட்டிக்கொண்டவன்தானே நீ? நன்றாக இருக்கிறாயா?"

அது நானில்லை, நெட்டைக் குமார். உடனே திருத்தலாமா என்று கை பரபரத்தது. திருத்தவில்லை. சன்னல் கிடைத்துவிட்டது, வகுப்பு கிடைத்துவிட்டது, குமாரும் ஏறக்குறைய கிடைத்துவிட்டான். முதல் பதிலிலேயே அவரைத் தவறு என்று சொல்லி உட்கார வைக்க மனம் வரவில்லை. நலமாக இருக்கிறேன் என்று மட்டும் சொன்னேன். மூன்றாவது நாள் அவரே கூப்பிட்டார், "7-க்குக் கயிறு கட்டினவன் நீ, சாக்பீஸ் அந்த உயரமானவன்" என்று.

நெட்டைக் குமாரிடம் இதைச் சொன்னேன். அவனும் இப்போது ஒரு பதிவுக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறான். வணக்கம் சொன்னதும் நேராகச் சாக்பீஸுக்குப் போய்விடு என்று சொல்லிவைத்திருக்கிறேன்.